இருமுறை சுட்ட ரொட்டி

நுழையும்முன்

மூணாற்றின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் வாளையாறு, சித்தூர் போன்ற எல்லைப்புற ஊர்களிலும் தேநீருடன் ரஸ்க் தின்னாத வீடு அரிது. அடுமனைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கட்லெட்டின் மேலே பொன்னிறமாய் ஒட்டியிருக்கும் பொரபொரப்பான தூளையும் நாம் கண்டிருக்கிறோம். ரஸ்க், கட்லெட்டின் மேல்தூள், சூப்பில் மிதக்கும் மொறுமொறுப்பான ரொட்டித் துண்டு ஆகிய மூன்றும் ஒரே செயலால் உருவாகின்றன. ஒருமுறை சுட்ட ரொட்டியை இளஞ்சூட்டில், நெடுநேரம் வைத்து, மறுபடியும் உலர்த்துவதே அச்செயல். அது எவ்வாறு நிகழ்கிறது, எங்கே தவறுகிறது, தவற்றை எப்படி அறியலாம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பெயரும் வரலாறும்

'பிஸ்கட்' என்னும் சொல்லுக்கு 'இருமுறை சுட்டது' என்பது பொருள். அது இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. நீண்ட கடற்பயணம் சென்ற மாலுமிகளுக்கு ஈரமான ரொட்டி உதவவில்லை. சில நாள்களில் பூசணம் பிடித்துவிட்டது. ஆகவே ரொட்டியிலிருந்து ஈரத்தை முழுவதும் நீக்கி, கெட்டியாக உலர்த்தி எடுத்துச் சென்றனர். 'ரஸ்க்' என்னும் சொல் போர்ச்சுகீசிய, ஸ்பானிய மொழிகளில் வழங்கும் 'ரோஸ்கா' என்பதிலிருந்து வந்ததாகச் சொல்லாய்வாளர் கூறுவர். சூப்பில் இடும் சிறு ரொட்டித் துண்டைக் 'குருட்டான்' என்பர். இது 'மேலோடு' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லோடு தொடர்புடையது.

கேரளத்தில் ரொட்டித் தொழிலின் தொடக்கத்தைப் பேசும்போது தலச்சேரியையே முதலில் குறிப்பிடுவர். அங்கே மம்பள்ளி பாப்பு என்பவர் 1880ஆம் ஆண்டில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி என்னும் அடுமனையைத் தொடங்கினார். அதன்பின் கேரளம் எங்கும் அடுமனைகள் பெருகின. அடுமனையில் ரொட்டி சுடும் பெரிய அடுப்பை மலையாளத்தில் 'போர்மா' என்பர். விறகில் எரியும் போர்மா மிகவும் சூடாக இருக்கும்போது ரொட்டியைச் சுடுவர். நெருப்பைத் தணித்த பின்னும் செங்கற்சுவர்களில் வெப்பம் நெடுநேரம் தங்கியிருக்கும். கடுஞ்சூடு ரொட்டிக்கும், தணிந்துவரும் சூடு உலர்த்தலுக்கும் ஏற்றது. ஒரே விறகு இரண்டு வேலைகளுக்கும் பயன்படுகிறது.

பழைய ரொட்டியும் உலர்ந்த ரொட்டியும் ஒன்றா?

நான்கு நாள் பழைய ரொட்டி கெட்டியாக இருக்கிறது. ஆகவே அது உலர்ந்துவிட்டது என்று பலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியன்று. 1852ஆம் ஆண்டில் பூசிங்கோ என்னும் பிரெஞ்சு வேதியியலறிஞர் இதை ஆராய்ந்தார். ஈரம் வெளியேறாதவாறு மூடி வைத்த ரொட்டியும் நாளடைவில் கெட்டியாவதை அவர் கண்டறிந்தார். அந்த ரொட்டியை மீண்டும் சூடாக்கியபோது அது மென்மை பெற்றது. நீர் குறையாமலே ரொட்டி கெட்டியாகிறது என்பது இதனால் விளங்கியது.

இதற்குக் காரணம் மாவுச்சத்து. ரொட்டியைச் சுடும்போது மாவுச்சத்து நீரை உறிஞ்சி, வீங்கி, இளகி நிற்கிறது. ஆறியபின் அதன் நுண்ணிழைகள் மெல்ல மெல்ல ஒழுங்காக அடுக்கப்பட்டு இறுகுகின்றன. காலையில் வடித்த சோறு மறுநாள் விறைத்துப்போவதும் இதே காரணத்தாலாகும்.

இதனால் நமக்கு ஒரு பயன் உண்டு. புதிய ரொட்டி மெத்தென்று இருப்பதால் கத்தியின் கீழ் நசுங்கும். சமமான துண்டுகளாக வெட்ட வராது. ஒரு நாள் அல்லது இரண்டு நாள் பழைய ரொட்டி நசுங்காமல் வெட்டுப்படும். எனவே உலர்த்துவதற்குப் பழைய ரொட்டியே ஏற்றது. ஆனால் அதற்குள் நீர் அப்படியே இருக்கிறது என்பதை மறக்கலாகாது. அதை அப்படியே உதிர்த்துப் புட்டியில் அடைத்தால் ஈரத்தூளாகவே இருக்கும். சில நாள்களில் பூசணம் பூத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய ரொட்டி வேறு, பூசணம் பிடித்த ரொட்டி வேறு. பச்சையோ கறுப்போ வெண்மையோ ஆன புள்ளிகள் ஓரிடத்தில் தோன்றினாலும் முழு ரொட்டியையும் எறிந்துவிட வேண்டும். பூசணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். சில பூசணங்கள் உண்டாக்கும் நஞ்சு அடுப்புச் சூட்டில் அழிவதில்லை. உலர்த்தல் நல்ல ரொட்டியைக் காக்கும். கெட்ட ரொட்டியை நல்லதாக்காது.

இளஞ்சூடு ஏன்?

ரொட்டித் துண்டைக் கடுஞ்சூட்டில் வைத்தால் என்ன ஆகும்? அதன் மேற்பரப்பு இரண்டு மூன்று நிமிடங்களில் காய்ந்து, சிவந்து, கருகத் தொடங்கும். நடுப்பகுதியோ ஈரமாகவே இருக்கும். வீட்டில் வாட்டிய ரொட்டி மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே மென்மையாகவும் இருப்பது இதனால்தான். உடனே உண்பதற்கு அது சுவையானது. சேமித்து வைப்பதற்கோ உதவாது. சற்று நேரத்தில் நடுவிலுள்ள ஈரம் வெளிப்புறத்துக்குப் பரவும். மொறுமொறுப்பான மேற்பரப்பு தோல்போலத் தளர்ந்து இழுபடும்.

ரொட்டிக்குள் இருக்கும் நீர் இரண்டு படிகளில் வெளியேறுகிறது. முதலில் மேற்பரப்பின் நீர் ஆவியாகிறது. இது விரைவாக நடக்கும். பிறகு நடுவிலுள்ள நீர் சிறுகச் சிறுக வெளிப்புறம் நோக்கி நகர்ந்து வருகிறது. இது மிகவும் மெதுவாக நடக்கும். சூட்டைக் கூட்டுவதால் இரண்டாம் படி பெரிதாக விரைவதில்லை. அதற்குள் மேற்பரப்பு கருகிவிடும். நடுவிலுள்ள நீர் வந்து சேரும்வரை மேற்பரப்பு கருகாமல் காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்புக்கு இடம் தருவதே இளஞ்சூடு. ரொட்டி விரைவாகச் சிவப்பது ஏறத்தாழ 140 பாகை செல்சியசுக்கு மேல்தான். ஆகவே 110 முதல் 120 பாகை செல்சியசு வரையிலான சூடு உலர்த்தலுக்கு ஏற்றது. நீர் ஆவியாகவும் இச்சூடு போதும்.

துண்டின் அளவும் முதன்மையானது. துண்டு இரு மடங்கு பருமனானால் உலரும் நேரமும் இரு மடங்காகும் என்று தோன்றும். உண்மையில் ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் ஆகும். நீர் கடக்க வேண்டிய தொலைவு கூடக்கூட, அதற்குரிய நேரம் அதைவிட வேகமாகக் கூடுகிறது. ஆதலால் எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சிறியதும் பெரியதும் கலந்திருந்தால், பெரியது உலர்வதற்குள் சிறியது கருகிவிடும். ஒன்றரை சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் துண்டுகள் நல்ல அளவு.

நம் ஊர்க் கடைகளில் விற்கும் பால் ரொட்டியும் இனிப்பு ரொட்டியும் விரைவில் சிவக்கும். அவற்றிலுள்ள சர்க்கரையும் பாலும் அதற்குக் காரணம். அவற்றுக்கு 100 பாகையை ஒட்டிய சூடும், இன்னும் சற்று நீண்ட நேரமும் வேண்டும்.

செய்முறை

கத்தியும் அடுப்பும் பயன்படுவதால் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

மின் அடுப்பில்: அடுப்பை 120 பாகைக்குச் சூடாக்க வேண்டும். ரொட்டித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்து வைத்தால் கீழேயுள்ள துண்டுகளிலிருந்து எழும் நீராவி மேலேயுள்ளவற்றை நனைக்கும். 20 நிமிடங்களுக்குப் பிறகு தட்டை வெளியே எடுத்து, துண்டுகளைப் புரட்டி, தட்டின் முன்பக்கம் பின்பக்கமாக மாறும்படி திருப்பி வைக்க வேண்டும். மீண்டும் 20 அல்லது 25 நிமிடங்கள் விட வேண்டும். பிறகு அடுப்பை அணைத்து, கதவைச் சற்றே திறந்து வைத்து, துண்டுகளை உள்ளேயே ஆறவிட வேண்டும். கதவை இறுக மூடினால் நீராவி வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும்.

வாணலியில்: எல்லா வீடுகளிலும் மின் அடுப்பு இராது. அடி கனமான இரும்பு வாணலி அல்லது தோசைக்கல் போதும். மெல்லிய அலுமினியப் பாத்திரம் ஏற்றதன்று. தீக்கு நேர் மேலுள்ள இடம் மட்டும் மிகுதியாகச் சூடாகிக் கருக்கிவிடும். கல்லின் சூட்டை அறிய ஒரு துளி நீரை விட்டுப் பார்க்கலாம். துளி பரவி, மெல்லச் 'சுர்' என்று கொதித்து மறைந்தால் சூடு சரி. துளி முத்துப்போல் உருண்டு ஓடினால் கல் மிகவும் சூடாகிவிட்டது. தீயைக் குறைத்துச் சிறிது நேரம் பொறுக்க வேண்டும். பிறகு துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, மிகச் சிறிய தீயில், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிவர வேண்டும். மூடி போடக் கூடாது. முதல் பத்து நிமிடங்கள் துண்டுகள் முன்னிலும் மென்மையாகத் தோன்றும். பழைய ரொட்டி சூட்டில் மீண்டும் இளகுவதே அது. பூசிங்கோ கண்டதும் இதுவே. அஞ்சித் தீயைக் கூட்டலாகாது. ஏறத்தாழ 25 அல்லது 30 நிமிடங்களில் துண்டுகள் இலேசாகி, வாணலியில் கலகலவென ஒலிக்கும். அப்போது தீயை அணைத்து, துண்டுகளை வாணலியின் மிச்சச் சூட்டிலேயே விட வேண்டும்.

உலர்ந்ததா என்று எப்படி அறிவது?

சூடாக இருக்கும்போது சோதிப்பது பலரும் செய்யும் தவறு. சூடான ரொட்டி, நன்கு உலர்ந்திருந்தாலும், சற்று வளையும். ஆறியபின்தான் விறைப்பும் மொறுமொறுப்பும் தோன்றும். எனவே பருமனான ஒரு துண்டை எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, இரண்டாக ஒடித்துப் பார்க்க வேண்டும். 'படக்' என்று ஒடிந்து, நடுப்பகுதி விரலில் தூளாக உதிர்ந்தால் உலர்ந்துவிட்டது. நடு வளைந்தாலோ, அமுக்கினால் உள்ளே குழிந்தாலோ, இன்னும் ஈரம் இருக்கிறது. மேற்பரப்பின் நிறத்தைக் கொண்டு இதை அறிய இயலாது. வெளிர் மஞ்சளாக இருந்தும் நன்கு உலர்ந்த துண்டுண்டு; செம்பழுப்பாக இருந்தும் நடுவில் ஈரமான துண்டுண்டு.

இதனினும் உறுதியான வழி எடைபோடுவது. ஒரு கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் வெள்ளை ரொட்டியில் ஏறத்தாழ 37 கிராம் நீர். மீதி 63 கிராம் மாவு முதலிய திடப்பொருள். உலர்த்தும்போது நீர் மட்டுமே வெளியேறுகிறது. 63 கிராம் அப்படியே இருக்கிறது.

உலர்த்திய ரொட்டி 75 கிராம் இருந்தால், அதில் 12 கிராம் நீர் எஞ்சியுள்ளது. இது அதன் எடையில் நூற்றுக்கு 16 பங்கு. மேலே மொறுமொறுப்பாகத் தோன்றினாலும் நடு தோல்போல இழுபடும். புட்டியில் அடைத்தால் பூசணம் பிடிக்க இடமுண்டு. 70 கிராம் இருந்தால் எஞ்சிய நீர் 7 கிராம், அதாவது நூற்றுக்கு 10 பங்கு. இது எல்லைக் கோடு. மொறுமொறுப்பு தளரத் தொடங்கும் அளவு. 66 கிராமுக்கு வந்தால் 3 கிராம் நீரே எஞ்சியுள்ளது. நூற்றுக்கு 5 பங்குக்கும் குறைவு. இதுவே நாம் அடைய வேண்டிய நிலை. சுருங்கச் சொன்னால், ரொட்டியின் எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் உலர்த்தல் நிறைவுற்றது. ஒவ்வொரு கடை ரொட்டியிலும் நீரின் அளவு சற்று மாறும். ஆகவே ஒடித்துப் பார்க்கும் சோதனையையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

தூளாக்குதலும் சேமித்தலும்

துண்டுகள் முழுவதும் ஆறிய பிறகே தூளாக்க வேண்டும். இளஞ்சூட்டோடு மிக்சியில் இட்டு மூடினால் எஞ்சிய நீராவி மூடியில் துளிர்த்துத் தூளில் சொட்டும். அம்மியில் குழவியால் நொறுக்கியும் தூளாக்கலாம். பிறகு சலிக்க வேண்டும். சல்லடையின் கீழே விழும் நயமான தூள் கட்லெட்டின் மேற்பூச்சுக்கு ஏற்றது. மேலே நிற்கும் பொரபொரப்பான தூள் கூடுதல் மொறுமொறுப்பைத் தரும்.

கட்லெட்டை மைதாக் கரைசலிலோ முட்டையிலோ தோய்த்து, அதன்பின் தூளில் புரட்டுவர். தூள் உலர்ந்திருப்பதால் கரைசலின் ஈரத்தை உறிஞ்சி இறுக ஒட்டிக்கொள்கிறது. எண்ணெயில் இட்டவுடன் விரைவில் பொன்னிறமாகி, உள்ளிருக்கும் மென்மையான காய்க்கலவை சிதறாமல் காக்கும் ஓடாகிறது. ஈரத்தூளாக இருந்தால் அதிலுள்ள நீர் ஆவியாகும்வரை சிவக்காது, எண்ணெய் தெறிக்கும், பூச்சு கழன்று எண்ணெயில் மிதக்கும். 1958ஆம் ஆண்டில் திருச்சூரில் தொழிலாளர் கூட்டுறவாகத் தொடங்கிக் கேரளம் எங்கும் பரவிய இந்தியன் காபி ஹவுசுகளில் பீட்ரூட் கலந்த சிவந்த கட்லெட் பெயர்பெற்றது. பீட்ரூட் நீர் மிகுந்த காய். அத்தகைய கலவைக்கு உலர்ந்த மேலோடு எத்துணைத் தேவை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சூப்புக்கான துண்டுகளுக்கு எண்ணெயோ நெய்யோ சேர்ப்பர். 100 கிராம் ரொட்டிக்கு இரண்டு சிறு கரண்டி போதும். துண்டுகள் முக்கால் பங்கு உலர்ந்தபின், கடைசிப் பத்து நிமிடத்தில் மிளகுத்தூளும் உப்பும் கலந்து புரட்டினால் சுவை ஏறும். எண்ணெய் சேர்த்தவை நாளடைவில் சிக்குவாடை அடிக்கும்; ஆகவே சில நாள்களுக்குள் உண்டுவிட வேண்டும். எண்ணெய் சேராத வெறுந்தூள் அதைவிட நெடுநாள் இருக்கும்.

மூன்று ஊர்களின் காற்று

உலர்ந்த ரொட்டி பஞ்சைப் போன்றது. சுற்றியுள்ள காற்றில் ஈரம் மிகுந்தால் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ஒரே நாளில், ஒரே முறையில் செய்த தூளும் ஊருக்கு ஊர் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்.

பாலக்காட்டின் அருகே மேற்குத்தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளி உள்ளது. மார்கழி, தை மாதங்களில் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து வறண்ட காற்று இவ்விடைவெளி வழியே வலுவாக வீசும். பாலக்காட்டு வீடுகளில் காய்கறிகளை மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைக்கும் 'கொண்டாட்டம்' செய்ய இத்தகைய வறண்ட நாள்கள் நன்கு உதவுகின்றன. அந்நாள்களில் ரொட்டித்தூளை ஆறவிட்டு நிதானமாகப் புட்டியில் இடலாம்.

மூணாற்றில் ஆனி, ஆடி மாதங்களில் நிலைமை நேர்மாறானது. மழையும் மூடுபனியும் நாள் முழுவதும் நீடிக்கும். தட்டில் திறந்து வைத்த தூள் சில மணி நேரத்தில் தளர்ந்துவிடும். அங்கே துண்டுகள் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தவுடன், நீராவி எழவில்லை என்று உறுதிசெய்து, காலந்தாழ்த்தாமல் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் இட வேண்டும். அதே இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து மலையிறங்கிச் சென்றால் வரும் மறையூர், மழைமறைவுப் பகுதியில் இருப்பதால் மழை குறைந்த ஊர். மூணாற்றில் நமுத்துப்போகும் தூள் அங்கே அவ்வளவு விரைவில் நமுக்காது.

தூள் ஈரம் ஏற்றதா என்பதை விரல்களால் அறியலாம். இரு விரல்களிடையே எடுத்து அழுத்திவிட்டால் மணல்போல் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் ஏறியுள்ளது. நாற்றமோ நிறமாற்றமோ இல்லையெனில், வாணலியில் சிறு தீயில் பத்து நிமிடம் புரட்டி, ஆறவிட்டு, மீண்டும் அடைக்கலாம். முடை நாற்றம் வீசினாலோ புள்ளி தென்பட்டாலோ எறிந்துவிட வேண்டும். டப்பாவில் ஈரக் கரண்டியை இடலாகாது. ஒரு துளி நீரும் பூசணத்துக்குப் போதும்.

சொல்லும் பொருளும்

அடுமனை – ரொட்டி முதலியன சுடும் இடம்
பூசணம் – ஈரப் பொருள்களில் படரும் நுண்ணுயிர்
நயமான – மென்மையான, பொடியான
நமுத்தல் – ஈரம் ஏறி மொறுமொறுப்பை இழத்தல்
சிக்குவாடை – எண்ணெய் கெடுவதால் எழும் வாடை
மழைமறைவுப் பகுதி – மலை தடுப்பதால் மழை குறைவாகப் பெறும் நிலம்

பயிற்சி

1. கெட்டியான பழைய ரொட்டி உலர்ந்த ரொட்டி ஆகாது என்பதைப் பூசிங்கோவின் ஆய்வு கொண்டு விளக்குக.

2. 200 கிராம் ரொட்டியை உலர்த்தியபின் அதன் எடை 150 கிராம். அது போதுமான அளவு உலர்ந்துள்ளதா? காரணம் கூறுக.

3. கடுஞ்சூட்டில் வாட்டிய ரொட்டியைச் சேமித்து வைக்க இயலாதது ஏன்?

4. பாலக்காட்டில் தை மாதத்திலும் மூணாற்றில் ஆடி மாதத்திலும் ரொட்டித்தூளைச் சேமிக்கும் முறைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை ஐந்து தொடர்களில் எழுதுக.

5. உங்கள் வீட்டில் ஈரம் நீக்கிச் சேமிக்கும் உணவுப்பொருள் ஒன்றைத் தேர்ந்து, அது உலர்ந்துவிட்டதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எவ்வாறு அறிகின்றனர் எனக் கேட்டறிந்து எழுதுக.